வாடகை வீட்டுப் பூட்டு, ஆப் முழுக்க சீன மொழியில்: விருந்தினர் பாஸ்கோட், ஆட்டோ லாக், பதிவுத் திரை

வைகைக்கரை எழுதியது (வெள்ளி மாலை)

வணக்கம். நான் ஷென்ஜென் நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கதவில் கீபேட் வைத்த ஸ்மார்ட் பூட்டு. வீட்டுக்காரர்தான் அதற்கு அட்மின், என்னை ஒரு பயனராகச் சேர்த்துவிட்டிருக்கிறார். ஆப் முழுக்க சீனம். எண்களையும் சில எழுத்துகளையும் அடையாளம் கண்டுகொள்வேன், அவ்வளவுதான்.

தேனியிலிருந்து அப்பா அம்மா நேற்று வந்தார்கள். எனக்கு இரண்டாம் ஷிப்ட். அதனால் மதியமே ஆப்பில் பாஸ்கோட் எடுக்கும் திரைக்குப் போனேன். மேலே 永久, 限时, 单次, 自定义, 循环, 清空 என்று வரிசையாக இருந்தன. தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டும் கேட்டதால் 限时 தான் சரி என்று எடுத்தேன். வியாழன் மாலை 18:00 முதல் பதினைந்து நாள். வந்த எண்ணை அப்பாவுக்கு அனுப்பினேன். இரவு 10:10-க்கு அவர்கள் கதவு முன்னால் நின்று எண்ணைப் போட்டு # அழுத்தினால் பூட்டு ஏற்கவில்லை. மூன்று முறை போட்டும் அதே கதை. நான் நள்ளிரவு வந்து என் பழைய எண்ணைப் போட்டதும் திறந்துவிட்டது. அதுவரை இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

கேள்வி மூன்று. பாஸ்கோட் ஏன் வேலை செய்யவில்லை? இரண்டாவது, கதவு திறந்த ஐந்தே நொடியில் பூட்டிக்கொள்கிறது. குப்பை போட வெளியே வந்த அம்மா இன்று காலை மாட்டிக்கொண்டார். மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது. 操作记录 என்ற பதிவுத் திரையில் புதன்கிழமை விடிகாலை 03:12-க்கு யாரோ பாஸ்கோட் போட்டுத் திறந்ததாக இருக்கிறது. அப்போது நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன்.

நெட்வொர்க்_நாதன் எழுதியது

முதலில் மொழியைச் சரி பண்ணுங்கள் நண்பா. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி வைக்கலாம். அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குள் ஆப் மொழிகள் என்று இருக்கும். ஐபோனிலும் அமைப்புகளில் அந்த ஆப்பைத் திறந்தால் மொழி என்று வரும். தமிழ் இருக்காது, ஆனால் ஆங்கிலம் கிடைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

பாஸ்கோட் விஷயம்: உங்கள் பூட்டுக்கு இன்டர்நெட் இல்லை. நீங்கள் எடுத்த எண் சர்வரிலேயே நின்றுவிட்டது, பூட்டுக்குப் போய்ச் சேரவில்லை. கேட்வே என்று ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைஃபையில் இணையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

ஷாங்காய்_செல்வி எழுதியது

நாதன் சொன்ன மொழி மாற்றம் எல்லா ஆப்பிலும் நடக்காது. ஆப்பை உருவாக்கியவர்கள் ஆங்கிலத்தை உள்ளே வைத்திருந்தால்தான் அந்தப் பட்டியலில் அது தெரியும். உள்நாட்டு விற்பனைக்கான ஆப்களில் பலவற்றில் சீனம் மட்டும்தான். கூகுள் மொழிபெயர்ப்பும் இங்கே 2022 அக்டோபரிலிருந்து விபிஎன் இல்லாமல் கிடைப்பதில்லை. நான் செய்வது இதுதான்: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீசாட்டில் எனக்கே அனுப்பிவிட்டு, படத்தை அழுத்திப் பிடித்து 翻译 கொடுப்பேன். ஆங்கிலத்தில் ஓரளவு புரிகிற மாதிரி வந்துவிடும். சில ஆப்கள் பாஸ்கோட் திரையில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, கறுப்பாக வரும். அப்போது இன்னொரு போனால் படம் எடுக்க வேண்டியதுதான்.

தொண்டைமானாற்றான் எழுதியது

தம்பி, ஐந்து நொடியில் பூட்டுவதுதானே பிரச்சினை? எங்கள் வீட்டிலும் இதேதான். 常开模式 என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டு விடுங்கோ. பிறகு தானாகப் பூட்டாது. அம்மா நிம்மதியாகப் போய் வரலாம்.

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

வைகைக்கரை தம்பி, 常开模式-ஐத் தொட வேண்டாம். அது கடை, அலுவலகம் மாதிரி இடங்களுக்கு. குறித்த நேரம் முழுக்கக் கதவு பூட்டாமலே இருக்கும், யார் கைப்பிடியை அழுத்தினாலும் திறக்கும். அதில் நேரமும் கிழமையும் கேட்கும். மொழி தெரியாமல் எல்லா நாளும் என்று போட்டுவிட்டால் நீங்கள் ஷிப்டுக்குப் போன பிறகும் வீடு திறந்துதான் கிடக்கும். நீங்கள் தேட வேண்டியது 自动闭锁. ஆட்டோ லாக் அதுதான். உள்ளே 5秒 மாதிரி ஒரு எண் இருக்கும், 秒 என்றால் நொடி.

அந்த நொடிக்கணக்கு எங்கிருந்து ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். கதவுச் சட்டத்தில் தனியாக 门磁 என்கிற சென்சார் பொருத்தவில்லை என்றால், கதவு சாத்தியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பூட்டுக்குத் தெரியவே தெரியாது. திறந்த நொடியிலிருந்து எண்ணும், எண்ணி முடித்ததும் பூட்டிவிடும். கதவு இன்னும் விரியத் திறந்திருக்கும்போதே தாழ் வெளியே வந்துவிட்டால், சாத்தும்போது அது சட்டத்தில் மோதும். மோட்டார் தாழ் வைத்த பூட்டுகளில் சட்டத்தின் ஓரம் நசுங்கியிருப்பதைப் பழுதுக்குப் போகும் வீடுகளில் பார்க்கிறேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் 30 நொடி வையுங்கள். ஒரேயடியாக அணைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கையால் பூட்ட வேண்டும், வயதானவர்கள் மறந்துவிடுவார்கள். ஆனால் 30 நொடி வைத்தாலும் குப்பை போட்டுவிட்டு வருவதற்குள் பூட்டத்தான் செய்யும். அம்மா கையில் ஒரு பாஸ்கோட் கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி பாஸ்கோட். நாதன் சொன்னது 自定义-க்கு மட்டும் பொருந்தும். அதில் எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்த எண்ணைப் பூட்டுக்குள் எழுதியாக வேண்டும், அதற்குப் பக்கத்தில் நின்று ப்ளூடூத்தில் இணைய வேண்டும், இல்லையென்றால் கேட்வே வேண்டும். 限时, 单次 எல்லாம் அப்படி அல்ல. அவற்றை யாரும் பூட்டுக்கு அனுப்புவதே இல்லை. பூட்டை முதன்முதலில் ஆப்பில் சேர்க்கும்போதே பூட்டிலும் சர்வரிலும் ஒரே ரகசியம் பதிந்துவிடுகிறது. நீங்கள் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுத்தால் சர்வர் அந்த ரகசியத்தை வைத்து ஓர் எண்ணைக் கணக்குப் போட்டுத் தருகிறது. அப்பா அதைக் கீபேடில் போடும்போது பூட்டு தானும் கணக்குப் போட்டு, இந்த எண் எந்த நேரத்துக்கு உரியது, இப்போது செல்லுமா என்று பார்க்கிறது. அதனால்தான் இன்டர்நெட் இல்லாத பூட்டுக்கும் ஊரிலிருந்தபடி பாஸ்கோட் எடுத்துக் கொடுக்க முடிகிறது. ஆனால் இதில் எல்லாம் பூட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தை நம்பித்தான் நடக்கிறது.

எனக்குச் சந்தேகம் அந்தக் கடிகாரத்தின் மேல்தான். ஒன்று செய்யுங்கள். இப்போது உங்கள் எண்ணைப் போட்டுக் கதவைத் திறங்கள். போனில் மணி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பூட்டின் பக்கத்தில் நின்றபடியே பதிவுத் திரையைப் புதுப்பித்து, அதில் என்ன நேரம் வருகிறது என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது

அண்ணே, போனில் 20:05. பதிவில் 12:05!

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

அப்படியானால் பூட்டு சரியாக எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. நேற்று இரவு அப்பா 22:10-க்கு நின்றபோது பூட்டின் கணக்கில் மதியம் 14:10. நீங்கள் கொடுத்தது 18:00 முதல். இன்னும் நேரமே வரவில்லை என்றுதான் அது மறுத்திருக்கிறது. உங்கள் பழைய எண்ணின் தொடக்க நேரம் எப்போதோ கடந்துவிட்டது, அதனால் அது வேலை செய்கிறது.

நெட்வொர்க்_நாதன் எழுதியது

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. சீன நேரம் கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால். பூட்டு சரியான நேரத்தில்தான் இருக்கிறது, ஆப்தான் பதிவை கிரீன்விச் நேரத்தில் காட்டுகிறது என்று ஏன் இருக்கக் கூடாது? நான் பார்த்த நிறைய சர்வர் பதிவுகளில் இதே கோளாறு உண்டு.

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

நல்ல கேள்வி. திரையில் தெரியும் நேரத்தை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. ஆனால் பாஸ்கோட்டை வைத்துப் பிரிக்கலாம். காட்டும் நேரத்தில் மட்டும்தான் கோளாறு என்றால் நேற்று 22:10-க்கு அந்த எண் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. நான் சொல்வது சரியென்றால் அந்த எண் இன்று விடிகாலை 2 மணியிலிருந்து செல்லுபடி ஆகியிருக்கும். தம்பி, நேற்றுக்குப் பிறகு அப்பாவின் எண்ணை யாராவது போட்டுப் பார்த்தீர்களா? இல்லையென்றால் இப்போதே போடுங்கள். இன்றிரவு 2 மணிக்குள் போட்டுவிடுவது நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வைகைக்கரை எழுதியது

திறந்துவிட்டது அண்ணே! நேற்று மூன்று முறை மறுத்த அதே எண். அப்பாவையே போடச் சொன்னேன்.

இந்த வீட்டுக்கு நான் வரும் முன் வீட்டுக்காரர் பேட்டரி மாற்றியதாகச் சொன்னார். அதில்தான் நேரம் போயிருக்குமோ?

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

பேட்டரி தீர்ந்து நின்ற கடிகாரம் பிந்தினால் மூன்று மணி பதினேழு நிமிடம் என்கிற மாதிரி ஒழுங்கில்லாமல் பிந்தும். முழுசாக எட்டு மணி என்றால், நேரத்தைத் திரும்ப வைத்தபோது நேர மண்டலத்தில் தவறு நடந்திருக்கலாம். எந்த போனிலிருந்து வைத்தார்கள் என்று தெரியாமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சரி செய்ய: அமைப்புகளில் 锁时间 என்று இருக்கும். உள்ளே போனால் 校准时间 என்ற பொத்தான். பூட்டின் பக்கத்தில் நின்று, ப்ளூடூத் போட்டு அதை அழுத்தினால் போனின் நேரம் பூட்டுக்குப் போய்விடும். அதற்கு முன் பதிவுத் திரையை முழுக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேரம் சரியான பிறகு, எது பழைய தவறான நேரம், எது புதியது என்று குழம்பும்.

அப்புறம் உங்கள் மூன்றாவது கேள்வி. பதிவில் 03:12 என்றால் நிஜத்தில் புதன் காலை 11:12. இரவில் நீங்கள் தூங்கும்போது யாரும் வரவில்லை. ஆனால் காலை 11:12-க்கு நீங்கள் வீட்டில் இருந்தீர்களா?

வைகைக்கரை எழுதியது

இல்லை. அன்று கம்பெனியில் கூட்டம் என்று காலை ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டேன். அப்படியென்றால் ஆளில்லாத வீட்டுக்குள் யாரோ வந்திருக்கிறார்கள்.

锁时间 எனக்குத் தெரியவில்லை. 自动闭锁-உம் இல்லை. என் திரையில் பாஸ்கோட், பதிவு, இன்னும் இரண்டு மூன்று மட்டும்தான் இருக்கின்றன.

ஷாங்காய்_செல்வி எழுதியது

அவை அட்மின் கணக்கில்தான் தெரியும். நீங்கள் வெறும் பயனர். பாஸ்கோட் எடுக்கும் உரிமை வரைக்கும்தான் அவர் கொடுத்திருக்கிறார். கேட்வே இல்லாததால் அவர் வீட்டிலிருந்தபடி மாற்றவும் முடியாது, போனோடு நேரில் வர வேண்டும். இதை அப்படியே வீசாட்டில் அனுப்புங்கள்:

```
您好,门锁时间慢了八个小时,麻烦您有空过来校准一下锁时间。
另外请把自动闭锁改成30秒,谢谢。
```

பூட்டின் நேரம் எட்டு மணி பின்தங்கியிருக்கிறது, வந்து சரி செய்யுங்கள், ஆட்டோ லாக்கை 30 நொடியாக மாற்றுங்கள் என்று பணிவாகக் கேட்டிருக்கிறேன். 11:12 பற்றி இதில் எதுவும் எழுதவில்லை. அதை அவர் வரும்போது முகம் பார்த்துக் கேளுங்கள்.

கொடை_ஹோம்ஸ்டே எழுதியது

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கொடைக்கானலில் மூன்று அறை வாடகைக்கு விடுகிறேன். நீங்கள் சொல்லும் அதே ஆறு வகையும் என் ஆப்பிலும் இருக்கின்றன. எனக்கு ஆங்கிலத்தில் வருகிறது, ஆனாலும் புரியாமல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புக்கிங் வந்ததுமே எண்ணை எடுத்து விருந்தினருக்கு அனுப்பிவிடுவேன். சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு போன் வந்து, பனியில் நானே ஓடியிருக்கிறேன். என் பூட்டில் நேரம் சரியாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் சோதித்தேன். பதிவிலும் போன ஞாயிறு வரைதான் தெரிகிறது, இந்த வாரம் வந்தவர்கள் யாரையும் காணோம். பூட்டே கெட்டுவிட்டதா அண்ணே?

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

இல்லை அக்கா. முதலில் பதிவைச் சொல்லிவிடுகிறேன். பதிவு பூட்டின் நினைவில்தான் சேருகிறது. ஒரு போன் பக்கத்தில் வந்து ப்ளூடூத்தில் இணைந்து புதுப்பிக்கும்போதுதான் ஆப்புக்கு வரும். போன ஞாயிறு கடைசியாக அந்த அறைப் பக்கம் போய்ப் புதுப்பித்திருப்பீர்கள். இன்று போய்ப் பாருங்கள், எல்லாம் வந்துவிடும். எல்லாம் என்றால் பாஸ்கோட், கார்டு, விரல்ரேகை, ஆப் இவற்றால் திறந்தவை மட்டும். உள்ளிருந்து கைப்பிடி திருப்பி வெளியே போனதும், இரும்புச் சாவி போட்டுத் திறந்ததும் அதில் வராது. யார் எப்போது வெளியே போனார் என்பதற்கு அந்தப் பதிவைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

பாஸ்கோட் விஷயத்தில் உங்கள் சிக்கல் வேறு. வைகைக்கரை தம்பியிடம் இரவு 2 மணிக்குள் போடுங்கள் என்று நான் சொன்னதற்கும் அதுதான் காரணம். இந்த வகையில் 限时 எண்ணைத் தொடக்க நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பயன்படுத்தியாக வேண்டும். இல்லையென்றால் முடிவுத் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் அது செத்துவிடும். நிரந்தர எண்ணான 永久-க்கும் அதே 24 மணிதான். 单次 என்றால் ஒரே முறை, அதுவும் தொடக்கத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள். பாஸ்கோட் எடுக்கும் திரையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சீனத் திரையிலும் 24小时 என்று எண் தெரிகிறதா பாருங்கள்.

நீங்கள் புக்கிங் வந்த அன்று எடுக்கும்போது தொடக்க நேரம் என்ன கொடுக்கிறீர்கள்?

கொடை_ஹோம்ஸ்டே எழுதியது

அதில் என்ன வருகிறதோ அப்படியே விட்டுவிடுவேன். அன்றைய தேதிதான் வரும்.

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

அங்கேதான் அக்கா. திங்கள் காலை 10 மணி தொடக்கம் என்று எடுத்து, விருந்தினர் வியாழன் வந்தால், செவ்வாய் 10 மணிக்கே அந்த எண் முடிந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் வந்தவர்களுக்குத் திறந்திருக்கும், மற்றவர்களுக்குத் திறந்திருக்காது. எண்ணை இன்றே எடுத்து அனுப்புங்கள், ஆனால் தொடக்க நேரத்தில் அவர்கள் செக்-இன் செய்யும் நாளையும் மணியையும் போடுங்கள். நேரம் முழு மணிக்கணக்கில்தான் வரும், அதனால் ஒரு மணி முன்னதாகவே வையுங்கள்.

கொடை_ஹோம்ஸ்டே எழுதியது

பழைய பதிவை எடுத்து ஒப்பிட்டேன். திறக்காத எல்லாமே விருந்தினர் வருவதற்கு இரண்டு நாளுக்கு முன்னால் எடுத்தவை. மிக்க நன்றி அண்ணே.

வைகைக்கரை எழுதியது (ஞாயிறு)

வீட்டுக்காரர் இன்று மதியம் வந்தார். 校准时间 அழுத்தினார், உடனே நான் ஒருமுறை திறந்து பார்த்தேன். பதிவில் 14:31, போனிலும் 14:31. ஆட்டோ லாக் 30 நொடி ஆகிவிட்டது. அப்பாவின் எண்ணும் தொடர்ந்து வேலை செய்கிறது.

11:12 பற்றிக் கேட்டேன். கேஸ் குழாய் சோதனைக்கு ஆள் வந்திருப்பார்கள், அவர்களுக்கு முன்பு ஒரு எண் கொடுத்திருந்தேன் என்றார். எந்த எண் என்று காட்டச் சொன்னால் நினைவில்லை என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. அந்த 清空 போட்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? அது என் திரையிலேயே இருக்கிறது.

தொண்டைமானாற்றான் எழுதியது

அழித்துவிடுங்கோ தம்பி. தெரியாத எண் வீட்டில் இருக்கவே கூடாது. 常开模式 பற்றி நான் சொன்னதையும் திரும்ப வாங்குகிறேன், எங்கள் வீட்டிலும் இன்றே அணைத்துவிட்டேன்.

கொடை_ஹோம்ஸ்டே எழுதியது

அவசரப்படாதீர்கள் தம்பி. 清空-இல் கிடைக்கும் எண்ணைப் பூட்டில் போட்டால் அதுவரை பயன்பாட்டில் இருந்த எல்லா பாஸ்கோட்டும் போய்விடும். நான் ஒருமுறை போட்டேன், மூன்று நாள் தங்க வந்த குடும்பத்தின் எண்ணும் சேர்ந்தே போய்விட்டது. உங்கள் எண், அப்பாவின் எண் எல்லாம் போகும். புது எண்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, போனில் ப்ளூடூத்தால் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

ஷாங்காய்_செல்வி எழுதியது

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அட்மின் அவர்தான் என்பது. நீங்கள் அழித்தாலும் அவர் அடுத்த நிமிடமே புது எண் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். நீங்கள் எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள் என்பதையும் அவர் பதிவில் பார்க்கலாம். ஒப்பந்தம் இருக்கும் வரை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்கும் எண் தரக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள், வீசாட் செய்தியாக இருந்தாலும் போதும். அதற்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு அவர் எதிரிலேயே 清空 செய்யுங்கள்.

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

செல்வி சொல்வது சரி. ஆனால் எனக்கு இன்னொரு வழியும் தோன்றுகிறது. அந்த 11:12 பதிவைத் தொட்டால் எந்த பாஸ்கோட் என்ற எண் தெரியும். வீட்டுக்காரரின் ஆப்பில் எல்லா பாஸ்கோட்டும் வரிசையாக இருக்கும், எடுத்த தேதியோடு. இரண்டையும் ஒப்பிட்டால் நினைவில்லை என்று சொல்ல இடமே இல்லை. அதை மட்டும் தனியாக நீக்கலாம், பூட்டின் பக்கத்தில் நின்று ப்ளூடூத்தில் செய்தால் போதும். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் பட்டியலில் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். ஆகவே முதலில் அந்தப் பட்டியலைப் படம் எடுங்கள்.

நெட்வொர்க்_நாதன் எழுதியது

கேஸ் சோதனைக்கு வந்தவர்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அல்லது கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். புதன்கிழமைத் தேதியில் ஏதாவது இருக்கிறதா?

வைகைக்கரை எழுதியது

சீட்டு எதுவும் இல்லை. பதிவில் அந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், எட்டு இலக்கம். வீட்டுக்காரருக்கு அதை அனுப்பி, உங்கள் பட்டியலில் இது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அதுவரை 清空 போடவில்லை. அம்மாவுக்குத் தனியாக ஒரு எண் எடுத்து, எடுத்த கையோடு அவரையே ஒருமுறை போட வைத்துவிட்டேன்.

பூட்டுக்காரர்_கோவை எழுதியது

நல்லது. பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். அடுத்த முறை யார் பேட்டரி மாற்றினாலும், ஒருமுறை திறந்து பதிவில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.